தேடல் பெட்டியை வைத்து முதல் உற்பத்தியை முடிவு செய்தேன்: இரண்டாண்டு அனுபவம்

சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்து கம்மங்கூழ் மாவு விற்கிறேன். வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் போதும். இரண்டு வருடத்துக்கு முன் இதை ஆரம்பிக்கும்போது, எத்தனை பாக்கெட் போடுவது, எந்தப் பெயரை அச்சடிப்பது என்பதற்கு என்னிடம் எந்த விற்பனைக் கணக்கும் இல்லை. தட்டத் தொடங்கியதும் தேடல் பெட்டிக்குக் கீழே விழும் பரிந்துரைகள்தான் கையில் இருந்தன.

முதலில் `kambu koozh mix` என்று முழுசாகத் தட்டினேன். ஒன்றுமே வரவில்லை. தேவையே இல்லை என்று அன்றே விட்டிருப்பேன். ஆனால் இன்னும் சந்தைக்கு வராத பொருளின் பெயரை யார் தேடுவார்கள்? அதற்குப் பதிலாக இப்போது எதை வாங்குகிறார்களோ, அதைத்தான் தேடுவார்கள். அதோடு நம் சொற்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்: `koozh`, `kool`, `kuzh`. தேவை மூன்றாகச் சிதறும்போது ஒவ்வொன்றும் பரிந்துரைக்கு வராத அளவுக்குச் சிறுத்துவிடும்.

அதனால் ஒரே தானியத்தின் மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டேன்: `kambu`, `bajra`, `pearl millet`. கணக்கிலிருந்து வெளியேறி, மறைநிலைச் சன்னலில், பெயருக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு என்னென்ன வருகிறது என்று குறித்தேன். பிறகு a முதல் z வரை ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு வாரம், நான்கு நாளுக்கு ஒருமுறை. ஒருநாள் மட்டும் தலைகாட்டியதை அடித்துவிட்டேன்.

எவ்வளவு குறைந்த எழுத்தில் சொல் வருகிறதோ அவ்வளவு தேவை என்பார்கள். அது ஒரே தொடக்கம் உள்ள சொற்களுக்குள் மட்டுமே பொருந்தும். `ka` என்று தொடங்கினால் கம்பு காயாவோடும் போட்டி போட வேண்டும். `ba`வில் போட்டியாளர்களே வேறு. இது புரியாமல் முதல் மாதம் கம்பையும் பஜ்ராவையும் எழுத்து எண்ணி ஒப்பிட்டது வீண் வேலை.

கூகிளில் `kambu koozh` அடித்தால் செய்முறை கேட்கும் பரிந்துரைகள்தான் அதிகம் வந்தன. அவர்கள் தாங்களே செய்துகொள்ள வந்தவர்கள். கடைத்தளத்தின் தேடல் பெட்டியிலோ மூன்று பெயரோடும் மாவு வந்தது, கூழ் வரவில்லை. வாங்குகிறவரின் மொழி அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் பரிந்துரை எண்ணிக்கையைச் சொல்லாது. அதற்குத் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். "அண்ணே, கம்பு மாவு வாரத்துக்கு எத்தனை போகுது?"

"பத்துப் பன்னிரண்டு போகும்மா. பாதி வடநாட்டுக்காரங்க வாங்குறது."

அவர்கள் ரொட்டிக்கு வாங்குகிறவர்கள், கூழுக்கு வரமாட்டார்கள். மீதி ஆறு பேரில் மூன்றில் ஒருவர் வருவார் என்று வைத்தேன். அந்த விகிதம் வெறும் ஊகம். வாரத்துக்கு இரண்டு, இப்படிப் பத்துக் கடை அளவுக்கு இணையத்தில் ஆள் இருந்தால் இருபது. இருநூறு போட இருந்த நான் நாற்பதோடு நிறுத்தினேன். முன்பக்கத்தில் `Kambu / Bajra Flour Porridge Mix` என்று அச்சடித்தேன்.

நாற்பதும் தீர ஐந்து வாரம் ஆனது. வாரத்துக்கு எட்டு, என் கணக்கில் பாதிகூட இல்லை. இருநூறு போட்டிருந்தால் மாவில் வண்டு விழுந்திருக்கும்.