திறந்த புத்தகத் தேர்வு: கட்டுரைக் கேள்வியா, சம்பவக் கேள்வியா?

மேல்நிலை வகுப்பு மதவியலில் மதச் சுதந்திரமும் மனசாட்சிச் சுதந்திரமும் ஓர் அலகு. அதற்குத் திறந்த புத்தகத் தேர்வு வைக்கலாம் என்று முடிவானதும் அடுத்த கேள்வி வருகிறது: எதைத் திறந்து வைப்பது, எதைக் கேட்பது? நான் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள், எந்தப் புத்தகத்தையும் குறிப்பையும் கொண்டுவரலாம், கேள்வி மட்டும் பெரிய கட்டுரை. அப்புறம் மூன்று ஆண்டுகளாக வேறு ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே மூலத் தொகுப்பு, கேள்வி அவர்கள் இதுவரை பார்த்திராத ஒரு சம்பவம். நான் இரண்டாவது பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

கட்டுரைக் கேள்வியின் நன்மைகள் தெரிந்தவைதான். தயாரிக்கச் சுலபம். எழுத்துத் திறமை உள்ள மாணவருக்கு நிறைய இடம் கிடைக்கும். ஒரே விடையில் பல மதங்களையும் தொட்டுப் போக முடியும். ஆனால் இந்தத் தலைப்பில் கேட்கத்தக்க கட்டுரைக் கேள்விகள் மொத்தமே ஐந்தாறுதான். ‘மதச் சுதந்திரத்துக்கு வரம்பு வேண்டுமா?’, ‘மனசாட்சி சட்டத்தை மீறலாமா?’ என்று சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம். முதல் ஆண்டு எழுதியவர்களின் கட்டுரைகள் அடுத்த ஆண்டு மாணவர்களின் கோப்புகளில் இருந்தன. அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் எதையும் கொண்டுவரலாம் என்று சொன்னது நான்தான். விடைத்தாள்களைத் திருத்தும்போது ஓர் அடையாளம் தெரிந்தது. பத்திகள் எல்லாத் தாள்களிலும் ஒரே வரிசையில் வந்தன, அது பாடப்புத்தக அத்தியாயத்தின் வரிசை. மாணவர் யோசித்ததற்கான தடம் எங்கேயும் இல்லை.

சம்பவக் கேள்விக்கு முதல் ஆண்டு உழைப்பு அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. தொகுப்பைத் தயாரிக்க எனக்கு ஒரு விடுமுறை முழுவதும் போனது. ஆறு பக்கங்கள்தான். 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 18ஆவது பிரிவு. 1966இன் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 18ஆவது பிரிவு முழுதும். அதை விளக்கி ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் வெளியிட்ட 22ஆம் பொதுக் கருத்துரையிலிருந்து நான்கு பத்திகள். மதம் தன் குரலில் பேச ஓர் இடம் வேண்டுமே என்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட மதச் சுதந்திர அறிக்கையின் 2ஆம், 3ஆம் எண்கள். கடைசியாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் சுருக்கம், நானே எழுதியது. மூன்று வாரம் முன்பே தொகுப்பைக் கையில் கொடுத்துவிடுவேன். தேர்வறையில் எழுத்து எதுவும் இல்லாத புதுப் பிரதி ஒன்று தரப்படும். மதங்களைப் பற்றித் தாமே எழுதிய ஒரு ஏ4 தாளையும் மாணவர் கொண்டுவரலாம்.

அந்த 2013 தீர்ப்பை ஏன் எடுத்தேன் என்றால், ஒரே தீர்ப்புக்குள் ஒரே சிலுவைக்கு இரண்டு முடிவுகள் இருக்கின்றன. எவெய்டா என்ற விமான நிறுவன ஊழியர் கழுத்தில் சிலுவை தெரிய வேலைக்கு வந்தார். சீருடையும் நிறுவனத்தின் தோற்றமும் கெடும் என்று அதைத் தடுத்தார்கள். சாப்ளின் என்ற செவிலியரும் அதே போலச் சிலுவைச் சங்கிலி அணிந்தார். நோயாளி பிடித்து இழுக்கலாம், புண்ணில் படலாம் என்று மருத்துவமனை தடுத்தது. முதலாமவருக்கு உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது, இரண்டாமவருக்கு மீறப்படவில்லை என்றது. சிலுவையும் நம்பிக்கையும் ஒன்றுதான். தடுப்பதற்குச் சொன்ன காரணமும் அதன் கனமும்தான் வேறு. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்குத் தொகுப்பில் மற்றவை தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

இனி முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு. ஒரு தேர்வை ஒரு முறை நன்றாகத் தயாரித்துவிடலாம், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அது உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி. கட்டுரைக் கேள்வி ஒரு முறை வெளியே வந்ததும் செத்துப்போகிறது. சம்பவக் கேள்வியில் தொகுப்பு அப்படியே இருக்கும், சம்பவத்தில் ஒரே ஒரு விவரத்தை மாற்றினால் விடை வேறாகிவிடும். பழைய விடையை மனப்பாடம் செய்து வருபவர் அந்த மாறிய விவரத்தில்தான் தடுக்கி விழுவார்.

நான் வைத்த சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் சீக்கியர், மணிக்கட்டில் ‘கரா’ என்ற எஃகு வளையம் அணிந்திருக்கிறார். சுழலும் பாகத்தில் சிக்கிக் கை போய்விடும் என்பதால் மணிக்கட்டில் எதுவும் கூடாது என்று நிர்வாகம் விதி போடுகிறது. வளையத்தை முழங்கைப் பக்கம் ஏற்றி இறுக்கமான உறைக்குள் மூடிக்கொள்கிறேன் என்று அவர் கேட்கிறார். எல்லாருக்கும் ஒரே விதி என்று மறுக்கிறார்கள். இது நியாயமான வரம்பா?

மதிப்பெண் இருபது, நான்கு படிகள். இது உள்ளே நம்புவதைப் பற்றியதா, வெளியே காட்டுவதைப் பற்றியதா என்று பிரிப்பதற்கு 4. அந்தச் செயல் அந்த மதத்துக்குள் என்ன பொருள் தருகிறது என்பதற்கு 6. சொல்லப்பட்ட காரணம் உடன்படிக்கை அனுமதிக்கும் காரணங்களில் இருக்கிறதா என்பதற்கு 4. அந்தக் காரணத்துக்கு இவ்வளவு பெரிய தடை தேவைதானா, சின்ன வழி இல்லையா என்பதற்கு 6.

முதல் படி எளிது, வளையம் வெளியே காட்டுவது. இரண்டாவது படியில்தான் இது சட்டப் பாடமாக மாறிப் போகாமல் மதவியலாக நிற்கிறது. கரா, கால்சா என்ற சீக்கியச் சமூகத்தில் தீட்சை பெற்றவர்கள் அணியும் ஐந்து அடையாளங்களில் ஒன்று என்று தன் தாளிலிருந்து எடுத்து எழுத வேண்டும். இங்கே அடிக்கடி ஒரு தவறு நடக்கும். ‘இது மதக் கட்டாயம் இல்லையென்றால் உரிமையும் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். எவெய்டா வழக்கில் நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. கட்டாயக் கடமை என்று நிரூபிக்கத் தேவையில்லை, செயலுக்கும் நம்பிக்கைக்கும் நெருங்கிய, நேரடியான தொடர்பு இருந்தால் போதும் என்றது. அது சுருக்கத்தில் ஒரே வரியாக இருக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துபவர் தொகுப்பை உண்மையிலேயே படித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது படியில் உடன்படிக்கையின் பட்டியலைப் பார்க்க வேண்டும். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கநெறி, பிறரின் அடிப்படை உரிமைகள், அவ்வளவுதான். பாதுகாப்பு என்று பேச இடம் இருக்கிறது. ஆனால் ஆபத்து அவருடைய கைக்கு மட்டுமா, பக்கத்தில் நிற்பவருக்குமா என்று யோசிப்பவர் ஒரு படி மேலே போகிறார். நான்காவது படியில் உறை யோசனையை எடைபோட வேண்டும். உறையே இயந்திரத்தில் சிக்காதா என்று ஒரு மாணவி கேட்டு எழுதியிருந்தார். முடிவு எதுவானாலும் பரவாயில்லை, எடைபோட்டதற்குத்தான் மதிப்பெண். அவருக்கு ஆறுக்கு ஆறு கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு அதே மனிதரைப் பட்டறையிலிருந்து வரவேற்பு மேசைக்கு மாற்றினேன். காரணம் இப்போது நிறுவனத்தின் தோற்றம். பழைய விடையோடு வந்தவர்கள் இயந்திரத்தைப் பற்றி எழுதிக் காட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் ஆண்டு வளையத்தையே எடுத்துவிட்டேன். இனி இந்த நம்பிக்கை எனக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீடிக்கும் என்கிறார்கள். இப்போது கேள்வி உள்ளே போய்விட்டது. உள்ளே நம்பும் சுதந்திரத்துக்கு எந்த வரம்பும் கிடையாது, பட்டியலைத் திறக்கவே தேவையில்லை. இருந்தும் வகுப்பில் மூன்றில் ஒருவர் பழக்கத்தில் பட்டியலை எடுத்து எடைபோட ஆரம்பித்துவிட்டார். மனசாட்சிச் சுதந்திரமும் மத வெளிப்பாட்டுச் சுதந்திரமும் எங்கே பிரிகின்றன என்பதை எந்தக் கட்டுரைக் கேள்வியும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஒரு சம்பவம் மூன்று தேர்வானது, புதிதாக எழுத வேண்டியிருந்தது ஆண்டுக்கு இரண்டு பத்திதான்.

இந்த முறையிலும் சிக்கல் உண்டு. தொகுப்பு கையில் இருப்பதால் சிலர் பிரிவுகளை அப்படியே பார்த்து எழுதித் தாளை நிரப்புவார்கள். மேற்கோளின் நீளம் மாணவரின் சொந்த வாக்கியங்களை மிஞ்சினால் அதுதான் அறிகுறி. பிரிவை எண்ணால் குறிப்பிட்டால் போதும், படியெடுத்த வரிக்கு மதிப்பெண் இல்லை என்று வினாத்தாளின் தலைப்பிலேயே போட்ட பிறகு இது குறைந்தது. இன்னொன்று நேரம். முதல் முறை அறுபது நிமிடம் கொடுத்தேன், நான்காவது படிக்கு வரும்போது பாதிப் பேருக்கு நேரம் தீர்ந்துவிட்டது. வாசிக்கப் பத்து நிமிடம், எழுத எண்பது நிமிடம் என்று மாற்றிய பிறகு சரியாயிற்று.

வீட்டுக்குக் கொடுத்து இரண்டு நாளில் வாங்குவது மூன்றாவது வழி. ஒரே முறை, பதினோரு பேர் இருந்த சிறிய வகுப்பில் வைத்தேன். விடைகள் நீண்டிருந்தன, நன்றாகவும் இருந்தன. யார் எழுதியது என்ற சந்தேகம் இரண்டு தாள்களில் தீரவில்லை. அவ்வளவை வைத்து அந்த வழி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ப்பு எழுதப்போவது மாணவர்தான் என்ற சூழலுக்குத் தேர்வறையும் எண்பது நிமிடமும் பொருத்தமாக இருக்கின்றன.

கட்டுரையை நான் முழுதாகக் கைவிடவில்லை. அது இப்போது வகுப்பில், மதிப்பெண் இல்லாமல், தொகுப்பைக் கொடுத்த முதல் வாரத்தில் நடக்கிறது. ‘மனசாட்சி சட்டத்தை மீறலாமா?’ என்று அங்கே தாராளமாக வாதாடட்டும். கட்டாய ராணுவச் சேவையை மனசாட்சி காரணமாக மறுக்கும் உரிமையை 18ஆவது பிரிவிலிருந்து பெறலாம் என்று 22ஆம் கருத்துரையின் 11ஆவது பத்தி சொல்வதை அப்போதே சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுச் சம்பவத்தை அங்கிருந்துதான் எடுக்கப்போகிறேன்: ஆயுதம் ஏந்த மறுக்கும் ஒருவர், ஆனால் எந்த மதத்தையும் சேராதவர்.