ஒரே கீ திரும்ப வந்தால்: நோடில் எண்ணிக்கையா, வலப்பக்கம் தள்ளுவதா?

பைனரி தேடல் மரம் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் பெரும்பாலும் "கீ எல்லாம் வேறு வேறானவை என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒரு வரி வரும். நிஜ டேட்டா அப்படி வராது. 100 மதிப்பெண்ணுக்கு நடக்கும் ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள்: 10 லட்சம் விடைத்தாள்கள், ஆனால் வரக்கூடிய மதிப்பெண்கள் 0 முதல் 100 வரை 101 மட்டும்தான். 40 என்ற கீ ஏற்கெனவே மரத்தில் இருக்கிறது, இன்னொரு 40 வருகிறது, என்ன செய்வது? அந்த நோடிலேயே ஒரு `count` வைத்து ஒன்று கூட்டலாம், அல்லது சமமானதையும் பெரியது மாதிரியே நடத்தி வலப்பக்கம் அனுப்பலாம்.

இரண்டாவது வழிதான் முதலில் கைக்கு வரும், ஏனென்றால் `<` பார்த்து இடம், இல்லையென்றால் வலம் என்று எழுதினாலே போதும், புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். ஆனால் சமநிலைப்படுத்தாத சாதாரண மரத்தில் இது எவ்வளவு மோசமாகப் போகும் என்று பலரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டாவதாக வரும் 40, முதல் 40 போன அதே பாதையில்தான் இறங்கும், அதைத் தொட்டபின் வலம் திரும்பும். மூன்றாவது 40 அந்த இரண்டையும் தாண்டித்தான் கீழே போகும். ஆக எல்லா 40-களும் வேரிலிருந்து இறங்கும் ஒரே பாதையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும், நடுவில் வேறு கீ இருந்தாலும் சரி. மரத்தின் உயரம், அதிகமுறை வந்த கீயின் எண்ணிக்கையைவிடக் குறையவே முடியாது.

10 லட்சத்தை 101-ஆல் வகுத்தால் 9,900-க்குச் சற்று மேல். அப்படியென்றால் ஏதாவது ஒரு மதிப்பெண்ணை 9,901 பேராவது வாங்கியிருக்க வேண்டும், மரமும் குறைந்தது அத்தனை மட்டம் ஆழம். அந்த ஒரு மதிப்பெண்ணின் பிரதிகள் தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுக்கொள்வது மட்டும் சுமார் 4.9 கோடி முறை. டேட்டாவைக் கலைத்துப்போட்டு நுழைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். கலைப்பது வேறு வேறு கீகளைத்தான் காப்பாற்றும். சமமானவை எந்த வரிசையில் வந்தாலும் அதே பாதைதான். பைத்தானில் ரிகர்ஷன் வைத்து எழுதியிருந்தால், வழக்கமான வரம்பான 1000-ஐத் தொட்டதும் `RecursionError` வந்து நிற்கும். சின்ன டெஸ்ட் டேட்டாவில் இது தெரியவே தெரியாது.

எண்ணிக்கை வைத்தால் இதே டேட்டாவுக்கு அதிகபட்சம் 101 நோடு. தன்னைத்தானே சமநிலைப்படுத்திக்கொள்ளும் ஏவிஎல் மரமாக இருந்தால் 9 மட்டத்துக்குமேல் போகாது. 10 லட்சமாவது விடைத்தாள் வரும்போதும் ஒன்பது ஒப்பீட்டுக்குள் வேலை முடிந்துவிடும்.

சரி, சமநிலைப்படுத்தும் மரத்தில் வலப்பக்கம் தள்ளினால்? ஆழப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏவிஎல்லில் 10 லட்சம் நோடுக்கும் 30 மட்டத்துக்குள்தான். ஆனால் அங்கே வேறொன்று உடைகிறது. 40, 40, 40 என்று மூன்றை வரிசையாக நுழைத்துப் பாருங்கள். வலப்பக்கம் சங்கிலி நீண்டதும் மரம் இடச்சுழற்சி செய்யும். நடு 40 வேராகும், முதல் 40 அதன் இடப்பக்கம் போய் உட்காரும். "சமமானது வலப்பக்கம்தான்" என்ற உங்கள் விதி அந்த நொடியில் செத்துவிட்டது. வேரில் 40-ஐக் கண்டதும் ஒன்று எண்ணிவிட்டு வலம் மட்டும் போகிற நிரல் 2 என்று சொல்லும், சரியான விடை 3. எர்ரர் எதுவும் வராது, தப்பான எண் மட்டும் வரும்.

இதற்கு வழி உண்டு. சுழற்சி எத்தனை நடந்தாலும் இடம், நோடு, வலம் என்று நடந்து படிக்கும் வரிசை மாறாது. அதனால் "40-க்குக் குறையாத முதல் நோடு எது, 40-ஐத் தாண்டிய முதல் நோடு எது" என்று இரண்டு எல்லைகளைத் தேடினால் விடை சரியாக வரும். சி++ மொழியின் `std::multiset` பயன்படுத்துபவர்களுக்கு `lower_bound`, `upper_bound` என்பவை இவைதான். ஆனால் அதிலும் `count(40)` கேட்டால், கிடைத்த பிரதிகளை ஒவ்வொன்றாக எண்ணும் நேரமும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் `erase(40)` என்று எழுதினால் எல்லா 40-களும் போய்விடும், ஒன்றை மட்டும் எடுக்க, இருப்பதை உறுதிசெய்துகொண்டு `erase(find(40))` என்று எழுத வேண்டும்.

நீக்குவதில் இரண்டு வழிக்கும் தனித்தனிக் குழி இருக்கிறது. வலப்பக்கம் தள்ளும் சாதாரண மரத்தில், இரு பிள்ளைகள் உள்ள நோடை நீக்கும்போது வலக்கிளையின் மிகச்சிறியதைத்தான் மேலே கொண்டுவர வேண்டும். இடக்கிளையின் மிகப்பெரியதை எடுத்தால், அதன் இன்னொரு பிரதி இடப்பக்கமே தங்கிவிடலாம், விதி மறுபடி உடையும். எண்ணிக்கை வைக்கும் மரத்தில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்த இடம் இது:

```python
node.key, node.count = s.key, s.count
s.count = 1
node.right = delete(node.right, s.key)
```

இங்கே `s` என்பது வலக்கிளையின் மிகச்சிறிய நோடு. நடுவிலுள்ள வரியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். `delete` என்பது `count` ஒன்றுக்குமேல் இருந்தால் ஒன்று குறைத்துவிட்டுத் திரும்பிவிடும். ஆக `s` போகவில்லை, அதே கீ மேலேயும் கீழேயும் இரண்டு நோடாக நின்றது. இதைப் பிடிக்க எளிய சோதனை, ஒவ்வொரு நீக்கலுக்கும் பிறகு மரத்தை வரிசையாக நடந்து, கீகள் கறாராக ஏறுமுகமாக இருக்கின்றனவா, `count`-களின் கூட்டுத்தொகை இருக்கவேண்டிய மொத்தத்துக்குச் சமமா என்று பார்ப்பது.

நினைவக வித்தியாசமும் சின்னதில்லை. 64-பிட் லினக்ஸில் ஜிசிசியோடு வரும் `std::multiset<int>` ஒரு நோடுக்கு 40 பைட் எடுக்கும், 10 லட்சம் நோடுக்கு 4 கோடி பைட். `std::map<int,int>` நோடும் அதே 40 பைட்தான், ஆனால் ஒவ்வொரு கீக்கும் அதன் எண்ணிக்கையை வைப்பதால் 101 நோடோடு நின்றுவிடும். அதில் கவனிக்க வேண்டியது, `cnt[40]` என்று சும்மா படித்தாலே இல்லாத கீ பூஜ்ஜியத்தோடு உருவாகிவிடும், எண்ணிக்கை பூஜ்ஜியமானால் நீங்களே நோடை நீக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மிகச்சிறியது எது என்று கேட்கும்போது டேட்டாவில் இல்லாத ஒன்று விடையாக வரும்.

இவ்வளவு சொன்னாலும், எண்ணிக்கை வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒரு 40-க்கும் இன்னொரு 40-க்கும் வித்தியாசமே இல்லாதபோதுதான் `count` போதும். மதிப்பெண்ணோடு மாணவரின் பதிவு எண்ணும் சேர்ந்து வந்தால், எண்ணிக்கை மட்டும் வைத்தால் 9,901 பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் தூக்கி எறிந்ததாக ஆகும். அப்போது ஒவ்வொரு நோடிலும் `count`-க்குப் பதில் பதிவு எண்களின் பட்டியல் ஒன்றை வைப்பேன். நுழைந்த வரிசை பட்டியலில் அப்படியே இருக்கும், மரமும் 101 நோடுதான். நடுவிலிருந்து ஒரு குறிப்பிட்ட மாணவரை அடிக்கடி நீக்க வேண்டியிருந்தால் பட்டியலில் தேடுவது மெதுவாகும், அங்கே மட்டும் மதிப்பெண்ணையும் பதிவு எண்ணையும் சேர்த்து ஒரே கீயாக்கிவிடுவேன். அப்படிச் செய்தால் டூப்ளிகேட்டே வராது, இடமா வலமா என்ற கேள்வியும் எழாது.