ஏர் சஸ்பென்ஷன் விளக்கு எரிகிறது, வண்டியை ஓட்டலாமா? சில வருட அனுபவம்

நேராகப் பதிலுக்கே வந்துவிடுகிறேன். விளக்கு மஞ்சளாக எரிந்து, வண்டி நான்கு மூலையிலும் வழக்கமான உயரத்தில் நின்றால், வேகத்தைக் குறைத்து ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, "Vehicle too low" மாதிரி ஒரு செய்தி வந்து போகாமல் நின்றாலோ, ஏதாவது ஒரு மூலை கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருந்தாலோ வண்டியை எடுக்கக் கூடாது. ஆனால் உண்மையில் எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். காலையில் சிவப்பு, எஞ்சினைப் போட்டுச் சில நிமிடத்தில் மஞ்சள், சாயங்காலம் ஒன்றுமே இல்லை, மறுநாள் காலையில் மறுபடியும். அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் எஸ்யூவி, நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் இந்தக் கோளாறு பத்து வருடத்தைத் தொடும் எந்த ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கும் வரும். காயில் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நிரப்பிய ஒரு ரப்பர் பெல்லோ இருக்கிறது. கம்ப்ரஸர் காற்றைக் கொடுக்கிறது, வால்வு பிளாக் அதை எந்த மூலைக்கு அனுப்புவது என்று பிரிக்கிறது, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு உயர சென்சார் பாடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. வண்டி மேலும் கீழும் போகும்போது பெல்லோவின் ரப்பர் மடிந்து மடிந்து உருளும். அந்த மடிப்பில்தான் வருடக்கணக்கில் வெயிலும் தூசியும் சேர்ந்து சின்னச் சின்ன வெடிப்பு விழுகிறது, காற்று கசிகிறது.

விளக்கைப் பார்த்ததும் ஸ்கேனர் தேடி ஓடுவதற்கு முன்னால் ஒரு மெஷரிங் டேப் எடுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று குறைந்திருந்தாலே அளவு மாறிவிடும், அதனால்தான் சக்கரத்தின் நடுவிலிருந்து. என் வண்டியில் சாதாரண உயரத்தில் முன்னால் 48 செ.மீ., பின்னால் 49. இந்த எண் உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும், நன்றாக ஓடுகிற நாளிலேயே அளந்து குறித்து வையுங்கள். சாயங்காலம் சமதளத்தில் நிறுத்தி ஒரு முறை, காலையில் கதவைத் திறக்காமல் ஒரு முறை அளந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பெல்லோ அல்லது அதற்குப் போகும் ஏர் லைன். எதுவும் இறங்காமல் இருந்து, எஞ்சின் போட்டபின் ஏறச் சொன்னால் மட்டும் ஏறவில்லை என்றால் கம்ப்ரஸர், ரிலே, ஃப்யூஸ் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு மூலை எப்போது அளந்தாலும் ஒரே அளவு தவறாக நின்றால், அது கசிவே இல்லை, பெரும்பாலும் உயர சென்சாரின் சின்ன இணைப்புக் கம்பி உடைந்திருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சில வண்டிகள் நிறுத்திவைத்த பிறகும் இடையிடையே விழித்துக்கொண்டு, ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். காலையில் பார்த்தால் வண்டி முழுவதும் சீராகத் தாழ்ந்திருக்கும், எந்தப் பெல்லோ என்று தெரியாது. அப்படிப்பட்ட வண்டியில் இரவு சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டால் கசிகிற மூலை மட்டும் தனியாக இறங்கும். என் வண்டியில் இடது முன்பக்கம்தான் என்று அப்படித்தான் பிடித்தோம்.

சரி, இப்போது வால்பாறை விஷயம். பெல்லோ ஆர்டர் போட்டு வருவதற்குள்ளேயே குடும்பத்தோடு போக வேண்டியதாகிவிட்டது. போகும்போது விளக்கே இல்லை. இரவு குளிரில் நின்ற வண்டி, காலையில் இடது முன்பக்கம் 41 செ.மீ.க்கு இறங்கி சிவப்பு விளக்கோடு நின்றது. கீழே பொள்ளாச்சி 64 கிலோமீட்டர், நடுவில் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். மெக்கானிக்குக் கூப்பிட்டால் "அண்ணே, மெதுவா இறக்கிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். அப்படி ஒரு வார்த்தையை நம்பி மலை இறங்க முடியாது.

ஏன் பயப்பட வேண்டும் என்றால், காற்று போன மூலையில் சஸ்பென்ஷன் அசைய இடமே இருக்காது, பாடி நேராக, கடைசி முட்டலைத் தாங்க வைத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முழுவதும் முன்பக்கம் வரும், ஒரு பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்ய, மறுபக்கம் கட்டை மாதிரி முட்டும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் வீல் ஆர்ச் உள்பக்கம் உரசும். சமவெளியில் நேர் ரோட்டில் தெரியாத உரசல் அங்கேதான் தெரியும். உரசிக்கொண்டே ஓடினால் டயரின் பக்கச்சுவர் போய்விடும். அதோடு, காற்றில்லாத பெல்லோ தவறான இடத்தில் மடிந்து நசுங்கினால் பிறகு காற்று ஏறும்போது கிழிந்தே போகும்.

அதனால் முதலில் செய்தது, எல்லாக் கதவையும் மூடி எஞ்சினை ஓடவிட்டது. கதவு திறந்திருந்தால் பல வண்டிகளில் உயரச் சரிசெய்தலே நடக்காது. சில நிமிடத்தில் முன்பக்கம் ஏறி 48க்கு வந்தது, சிவப்பு போய் மஞ்சள் மட்டும் நின்றது. சிவப்பு போகாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்தது, டோயிங்தான். அடுத்து எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு மறுபடி அளந்தேன். அரை சென்டிமீட்டர் கூட இறங்கவில்லை. இதுதான் நான் தேடிய விடை. ராத்திரி முழுவதும் சேர்ந்து ஏழு சென்டிமீட்டர் இறங்கியது மெல்லிய கசிவு, எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸர் அதைச் சுலபமாக ஈடுகட்டும். அரை மணியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போயிருந்தால் நான் வண்டியை அங்கேயே விட்டிருப்பேன், ஏனென்றால் வெடிப்பு வழியில் பெரிதானால் கம்ப்ரஸரால் தாக்குப்பிடிக்க முடியாது.

வீட்டுக்காரம்மாவையும் பிள்ளைகளையும் பெட்டிகளோடு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வண்டியில் எடை குறைய வேண்டும், ஏதாவது ஆனால் அவர்கள் உள்ளே இருக்கவும் கூடாது. கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவில் கை நுழைகிறதா என்று பார்த்தேன். கீழ் கியரில், மணிக்கு 30க்கு மேல் போகாமல், வளைவுகளில் இன்னும் மெதுவாக. அட்டகட்டியில் ஒரு முறை, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஒரு முறை நிறுத்தி டேப் வைத்துப் பார்த்தேன். 45க்குக் கீழ் வந்தால் நிறுத்திவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன், வரவில்லை. பொள்ளாச்சியில் நிறுத்தியது நேராக ஒர்க்‌ஷாப்பில்தான்.

அங்கே ஸ்கேனரில் வந்த எரர் கோட், காற்று நிரப்ப அதிக நேரம் ஆகிறது என்ற பொருளில் இருந்தது. உடனே கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்றார்கள். கசிகிற பெல்லோ இருந்தாலும் இதே எரர் கோட்தான் வரும், அதனால் முதலில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொன்னேன். வண்டியை மேல் உயரத்துக்கு ஏற்றினால்தான் மடிப்பு விரிந்து ரப்பர் தெரியும், அப்படிப் பார்த்தபோது மடிப்பின் உள்பக்கம் வரிசையாகக் குமிழி வந்தது. சில வெடிப்புகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் திறந்து கசியும், அதனால் ஒரே உயரத்தில் பார்த்து "லீக் இல்லை" என்று சொன்னால் ஏற்காதீர்கள். முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன், ஒரே வயதுள்ள ரப்பர் என்பதால்.

கம்ப்ரஸரும் பின்னாளில் போகத்தான் செய்தது. கசிவை ஈடுகட்ட அது மணிக்கணக்கில் கூடுதலாக ஓடியிருக்கிறது, சூடேறித் தேய்ந்துவிட்டது. முன்கூட்டியே தெரிந்தது, ஏற எடுக்கும் நேரம் நீண்டது, சத்தம் கரகரத்தது. மாற்றும்போது ரிலேவையும் மாற்றச் சொன்னேன். பழைய ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டால் வண்டியை நிறுத்தின பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி காலியாகும், புதுக் கம்ப்ரஸரும் எரியும். ரிலே விலை அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, வண்டியின் அடியில் போவது. பெல்லோ எப்போது வேண்டுமானாலும் காற்றை விடலாம், சாவி போட்டதும் கம்ப்யூட்டர் தானாகவே இறக்கவும் செய்யலாம். பாடிக்குக் கீழே ஸ்டாண்டு இல்லாமல் எட்டிப் பார்க்கக்கூடத் தலையை நுழைக்கக் கூடாது, டயர் மாற்றுவதென்றால் உயரம் தானாக மாறுவதை நிறுத்திவைக்கும் ஜாக் மோடைப் போட்டுவிட்டுத்தான். அடுத்தது டோயிங். சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வண்டி வேண்டாம், ஃப்ளாட்பெட் கேளுங்கள், அதிலும் பட்டையை டயர் மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். சேஸியில் கொக்கி மாட்டி இறுக்கினால், வழியில் காற்று இறங்கி பாடி தாழ்ந்ததும் பட்டை தளர்ந்துவிடும், வண்டி லாரி மேலேயே நகரும். டிரைவர் அவசரப்படுவார், இருந்தாலும் இறங்கி நின்று பார்த்துக் கட்டவைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.