tnreginet-இல் வில்லங்கம் பார்க்கும்போது உட்பிரிவு எண்ணில் வரும் சிக்கல்

தமிழ்நாட்டில் நிலம் வாங்குபவர்கள் `tnreginet.gov.in`-இல் வில்லங்கத்தையும் `eservices.tn.gov.in`-இல் பட்டாவையும் பார்க்கிறார்கள். வேகத்தில் இரண்டுமே நல்ல தளங்கள்தான். ஆனால் முதலாவது பதிவுத்துறையுடையது, இரண்டாவது வருவாய்த்துறையுடையது. ஒரே நிலத்தை இரண்டும் ஒரே எண்ணில் சொல்லும் என்று நம்புவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. இன்றைய பட்டாவில் புல எண் 145/2B, பரப்பு 24.50 ஏர்ஸ். கையில் உள்ள 1982-ஆம் ஆண்டு கிரையப் பத்திரத்தில் 145/2, அறுபது சென்ட். உட்பிரிவுக் கட்டத்தில் 2B என்று போட்டுத் தேடினால் அந்தக் கிரையம் வராது, ஏனென்றால் அது பதிவானபோது 2B என்ற உட்பிரிவே கிடையாது. ஆகவே 145/2B, 145/2, உட்பிரிவு இல்லாத வெறும் 145 என மூன்று முறை தேட வேண்டும். யு.டி.ஆர் எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்ணே மாறிய கிராமமாக இருந்தால் 'அ' பதிவேட்டில் 'பழைய புல உட்பிரிவு எண்' என்ற இடத்தைப் பார்த்து, அந்த எண்ணிலும் தேடுங்கள். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்திருந்தால் அந்த அலுவலகத்தையும் தேர்வு செய்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது பரப்பு. ஓர் ஏர்ஸ் 2.47 சென்ட். 24.50-ஐப் பெருக்கினால் 60.5 சென்ட் வருகிறது. அரை சென்ட் வித்தியாசம் அளவு மாற்றத்தில் வருவதுதான், பயப்பட வேண்டாம். ஐந்து சென்ட் குறைந்தால் கதை வேறு: ஒரு பகுதி ஏற்கெனவே விற்கப்பட்டிருக்கலாம், அல்லது பாதைக்குப் போயிருக்கலாம். அப்போது புலப்படத்தின் மீட்டர் அளவுகளைப் பத்திரத்தின் நான்கு எல்லைகளோடு ஒப்பிட்டுவிட்டு, நிலத்தில் சங்கிலி பிடித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இவை எல்லாம் பொருந்தினாலும் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பதிவுச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்கு முன் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகாமலே இருக்கலாம். அது வில்லங்கத்தில் வராது, அசல் வங்கியில் இருக்கும். "அசல் தொலைந்துவிட்டது, நகல் இருக்கு" என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள்.

அசல் கிடைத்ததும் முத்திரைத்தாள் வாங்கிய தேதியைப் பாருங்கள். அது பத்திரம் எழுதிய தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. பிறகு தளத்திலேயே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து, ஆவண எண், பெயர், சொத்து விவரம் ஆகியவற்றை அசலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பழைய பதிவுகளின் வில்லங்கச் சான்றில் சொத்து விவரம் சுருக்கமாகவே இருக்கும், பெயரில் எழுத்துப் பிழையும் இருக்கும். அதனால் வில்லங்கத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் போதாது.