பாதியில் நின்ற வீடியோவை மீட்க நான்கு வருடமாக untrunc: ஒரு கொடை இரவில் தொடங்கிய அனுபவம்

சுசீந்திரம் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு முழுவதையும் பதிவு செய்து தரச் சொல்லியிருந்தார்கள். இரவு முழுக்கப் போகும் நிகழ்ச்சி என்பதால் பேட்டரியை நம்பாமல் கேமராவை டம்மி பேட்டரி போட்டுக் கரண்டில் ஓட்டினேன். நாகர்கோவிலில் கல்யாண வேலை செய்கிறவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறோம். முத்தாரம்மன் கதை நல்ல கட்டத்துக்கு வந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கச் சில வினாடி ஆனது. விளக்கும் மைக்கும் திரும்பி வந்தன. கேமரா மட்டும் அணைந்துவிட்டது. கேமராவைத் திரும்பப் போட்டால், அதுவரை ஓடிய 42 நிமிடம் “இயக்க முடியாத கோப்பு” என்று காட்டியது.

அந்த இடத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம், கார்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வேறு கார்டு போட்டதுதான். அதே கார்டில் மேலும் பதிவு செய்திருந்தால், பழைய தரவின் மேலேயே புதியது எழுதப்பட்டிருக்கலாம். விடிந்ததும் வில்லுப்பாட்டுப் பாடிய புலவர் கேட்டார்: “மக்களே, அந்தப் பாட்டு கிடைக்குமாடே?” அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் கோப்பின் அளவைப் பார்த்தேன். மீட்க முடியுமா என்பதை இதுவே பாதி சொல்லிவிடும். என் கேமரா 28 எம்பிபிஎஸ் வேகத்தில் எழுதுகிறது, அதாவது வினாடிக்கு 3.5 எம்பி. 42 நிமிடத்துக்கு 8.8 ஜிபி வர வேண்டும். கார்டில் இருந்த கோப்பும் ஏறத்தாழ அதே அளவு. அப்படியானால் படமும் ஒலியும் உள்ளே இருக்கின்றன. அளவு 0 என்று காட்டினால் கதை வேறு. கோப்பின் நீளத்தையே கேமரா பதியவில்லை என்று பொருள். அதற்கு முதலில் PhotoRec போன்ற கருவியால் கார்டிலிருந்து தரவை எடுக்க வேண்டும்.

கார்டில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்தேன். வீடியோக் கோப்பின் உள்ளமைப்பைச் சொல்லும் ffprobe கருவிக்குக் கொடுத்துப் பார்த்தால் ஒரே வரி:

```
moov atom not found
```

எம்பி4 கோப்பில் முதலில் ftyp என்ற சிறு தலைப்பு. அப்புறம் mdat என்ற பெரிய பெட்டி, படமும் ஒலியும் துண்டு துண்டாக அதில்தான் கிடக்கும். moov என்பது அந்தத் துண்டுகளுக்கான அட்டவணை. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரியது, எந்த நொடியில் காட்ட வேண்டும், படத்தை எந்த அமைப்பில் விரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பெரும்பாலான கேமராக்கள் ஸ்டாப் பட்டனை அமுக்கிய பிறகுதான் அதை எழுதும். எனக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் கரண்ட் போய்விட்டது. பாட்டு முழுதும் உள்ளே இருந்தும், எங்கே எது என்று பிளேயருக்குத் தெரியவில்லை.

untrunc என்ற மென்பொருள் அந்த அட்டவணையைப் புதிதாகக் கட்டுகிறது. அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைக் கேட்கும். அதிலிருந்து கோடெக் விவரங்களை எடுத்துக்கொண்டு, உடைந்த கோப்பின் mdat பெட்டியை முதலிலிருந்து படித்து, “இது படத் துண்டு, இது ஒலித் துண்டு” என்று பிரித்துக்கொண்டே போகும். எச்.264 துண்டு ஒவ்வொன்றின் முன்னும் அதன் நீளம் எழுதியிருப்பதால் படத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஏஏசி ஒலிக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒலிதான்.

```
untrunc nalla.mp4 kodai.mp4
```

முதல் முயற்சியில் நல்ல கோப்பாக என் பழைய கல்யாண வீடியோ ஒன்றைக் கொடுத்தேன். அதே கேமரா, அதே 1080. ஆனால் அது 25 ஃபிரேமில் எடுத்தது, கொடை 50 ஃபிரேமில். வந்த கோப்பில் ஒலி 42 நிமிடத்தில் முடிந்தது, படம் பாதி வேகத்தில் 84 நிமிடத்துக்கு நீண்டது. இந்த அடையாளத்தைக் கண்டால் மாதிரிக் கோப்புதான் தவறு, தரவு அல்ல. அடுத்த நாள் கேமராவைக் கொடை அன்று இருந்த அதே அமைப்பில் வைத்து, பாட்டும் பேச்சும் கேட்கும்படி இரண்டு நிமிடம் எடுத்து அதை மாதிரியாகக் கொடுத்தேன்.

இந்த முறை வேகம் சரியாக இருந்தது. ஆனால் கோப்பில் முக்கால் பங்கு வந்ததும், அடுத்த துண்டு என்னவென்று தெரியாமல் நின்றுவிட்டது. அப்போதுதான் -s என்ற தேர்வு உதவியது. புரியாத பைட்டுகளைத் தாண்டி, அடையாளம் தெரியும் அடுத்த துண்டிலிருந்து தொடரச் சொல்வது அது.

```
untrunc -s nalla.mp4 kodai.mp4
```

சிறிது நேரத்தில், பெயரோடு _fixed சேர்ந்த புதிய கோப்பு வந்தது. நகலுக்கு ஒன்பது ஜிபி, இதற்கு இன்னொரு ஒன்பது என்று டிஸ்கில் இடம் வைத்திருக்க வேண்டும். திறக்கிறது என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கோப்புக்கு fixed.mp4 என்று பெயர் மாற்றி, முழுவதையும் ஒருமுறை விரித்துப் பார்க்க ffmpeg கருவியிடம் சொன்னேன்:

```
ffmpeg -v error -i fixed.mp4 -f null -
```

பழுது இருந்தால் வரி வரியாகப் பிழை கொட்டும், இல்லையென்றால் திரை வெறுமையாக இருக்கும். எனக்கு ஒரே இடத்தில் பிழை வந்தது. முன்பு நின்ற அதே இடம், அரை வினாடி படம் சிதறல். அப்புறம் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் உடுக்கையில் கை விழுவதையும் சத்தம் வருவதையும் சேர்த்துப் பார்த்தேன். ஒத்து வந்தன. கடைசிச் சில வினாடிகள் இல்லை. அவை கேமராவின் நினைவகத்திலிருந்து கார்டுக்கு வருமுன்பே கரண்ட் போயிருந்தது. எந்த மென்பொருளாலும் அதைக் கொண்டுவர முடியாது.

அதற்குப் பிறகு இந்த நான்கு வருடத்தில் பல தடவை இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். கேமராக் கோப்புகளில் பெரும்பாலும் கை கொடுத்தது. கைபேசி வீடியோவில்தான் சிக்கல். கைபேசி வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும். அந்த நேரக் கணக்கும் moov அட்டவணையோடு சேர்ந்தே போய்விடும். அதனால் மீட்ட கோப்பில் உதடும் பேச்சும் மெல்ல மெல்ல விலகும். -sv என்ற தேர்வு படத்தின் நீளத்தை ஒலியின் நீளத்துக்கு இழுத்துவிடும். முழுக்கச் சரியாகாது, பார்க்கும்படி ஆகும். குளச்சலில் ஒரு ஞானஸ்நான வீடியோவை அப்படித்தான் கொடுத்தேன். கட்டளை தட்டத் தயங்குகிறவர்களுக்கு விண்டோஸில் பட்டன் அமுக்கும் வடிவமும் உண்டு. மென்பொருள் இலவசம். காசு கேட்கும் ஒன்றையும் முயன்றிருக்கிறேன். அதுவும் அதே மாதிரிக் கோப்பைத்தான் கேட்டது.

இப்போது டம்மி பேட்டரிக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். கணினியில் நேரலை ஓட்டும்போது OBS மென்பொருளின் பதிவை எம்கேவியாக வைத்துவிட்டு, பிறகு எம்பி4 ஆக மாற்றுகிறேன். இடையில் கணினி நின்றாலும் எம்கேவி அதுவரை திறக்கும். ஒவ்வொரு கேமராவிலும் நான் பயன்படுத்தும் ஒவ்வொரு அமைப்புக்கும் இரண்டு நிமிட நல்ல கோப்பு ஒன்றை, அமைப்பின் பெயரோடு தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். கேமராவை விற்றபோதும் அந்த ஃபோல்டரை அழிக்கவில்லை. பழைய கார்டை எடுத்துக்கொண்டு யாராவது வருவார்கள்.

புலவருக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அரை வினாடி சிதறிய இடத்தையும், கடைசி வரி முடியாமல் நின்ற இடத்தையும் முன்பே சொல்லிவிட்டேன். அந்த வரியை அவரே பாடி முடித்தார்.