லேப்டாப்புக்கு மட்டும் பழைய பாஸ்வேர்ட்: வெளியிலிருந்து டொமைனில் நுழையும் அனுபவம்

"கம்பெனி தளத்துல பாஸ்வேர்டை மாத்தினேன். மெயில் புதுசைத்தான் கேக்குது, லேப்டாப் பழசைத்தான் கேக்குது. எதையாவது கெடுத்துட்டேனா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்றும் கெடவில்லை. பல வருடமாக ஆபீஸுக்கு வெளியிலிருந்தே டொமைன் லேப்டாப்பில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், எனக்கு இன்னும் எரிச்சல் தீராத விஷயம் இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒருமுறை உள்நுழைந்தால், கம்பெனிக் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் நம்மை ஏற்றுக்கொண்ட பிறகு, விண்டோஸ் ஒரு அடையாளத்தை லேப்டாப்பிலேயே சேமித்து வைக்கிறது. பாஸ்வேர்ட் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷ் மட்டும்தான். அடுத்த முறை நெட்வொர்க்கே இல்லாவிட்டாலும் அதோடு ஒப்பிட்டு நம்மை உள்ளே விடுகிறது. ஐடி குழு மாற்றாதவரை கடைசியாக நுழைந்த 10 பேருடைய அடையாளம் இருக்கும். அதற்குக் காலாவதியும் கிடையாது. மாதக்கணக்கில் ஆபீஸ் பக்கமே போகாமல் நான் வேலை பார்க்க முடிவது இதனால்தான்.

சிக்கலும் இதே இடத்தில்தான். நண்பர் பாஸ்வேர்டை மாற்றியது சர்வரில். லேப்டாப் அந்த நேரம் டொமைன் கன்ட்ரோலரோடு பேசவே இல்லை, அதற்கு எப்படித் தெரியும்? புதியதைப் போட்டால் விரட்டுகிறது, பழையதைப் போட்டால் வரவேற்கிறது. இதைப் பற்றித் திரையில் ஒரு வரி விளக்கம்கூட வராது என்பதுதான் என் கோபம்.

சரி, வழி என்ன? பழைய பாஸ்வேர்டால் உள்ளே போய், வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்த்துவிடும் வி.பி.என்-ஐப் புதிய பாஸ்வேர்டால் இணைக்க வேண்டும். இணைந்ததும் வேறு எதையும் தொடாமல் விண்டோஸ் விசையையும் L-ஐயும் அழுத்தித் திரையைப் பூட்டி, புதிய பாஸ்வேர்டால் திறக்க வேண்டும். அது சேமித்த அடையாளத்தோடு பொருந்தாததால் விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலரிடம் கேட்கிறது. அங்கே சரி என்றதும் புதிய அடையாளத்தை எழுதிக்கொள்கிறது. பூட்டியதும் வி.பி.என் துண்டிக்கப்படும்படி அமைத்திருந்தால் மட்டும் இது பலிக்காது. சரியாக நடந்ததா என்று பார்க்க, நெட்வொர்க்கை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து புதியதைப் போட்டுப் பாருங்கள்.

"வேறு எதையும் தொடாமல்" என்றதற்குக் காரணம் உண்டு. பழைய பாஸ்வேர்டோடு உள்ளே இருந்துகொண்டு ஆபீஸ் ஃபோல்டர்களைத் திறந்தால், லேப்டாப் பின்னணியில் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். கணக்கு பூட்டப்படவும் வாய்ப்பு இருக்கிறது. `Windows needs your current credentials` என்று ஓரத்தில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்தால், அது சொல்வது இதைத்தான். பாஸ்வேர்டையே வி.பி.என் இணைப்பில் இருக்கும்போது Ctrl+Alt+Del திரையில் மாற்றினால் இந்தக் கூத்து எதுவும் இல்லை.

உள்நுழையும் முன்பே வி.பி.என் என்ற வசதி எங்களுக்கு வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன ஐகான். அதை அழுத்தி இணைத்துவிட்டால், நாம் தட்டும் பாஸ்வேர்ட் நேராக டொமைன் கன்ட்ரோலருக்குப் போகிறது. புதியது அப்போதே செல்லும், ஆபீஸ் டிரைவ்களும் ஒழுங்காக வந்து நிற்கும். ஐகான் தானாக வராது. விண்டோஸின் சொந்த வி.பி.என் என்றால், இணைப்பை எல்லாப் பயனருக்குமாக, அதாவது `-AllUserConnection` சேர்த்து, ஐடி குழு உருவாக்கியிருக்க வேண்டும்.

அந்த லேப்டாப்பில் இதுவரை நுழையாத புது ஆளுக்கு அடையாளமே இல்லை. வெளியிலிருந்து முயன்றால் `your domain isn't available` என்று கைவிரித்துவிடும். அவருக்கு இந்த ஐகான்தான் கதி. அது இல்லையென்றால், ஏற்கெனவே நுழையக்கூடிய ஒருவர் வி.பி.என் இணைத்துக் கீழே உள்ள கட்டளையை ஓட்ட, புது ஆள் தன் பாஸ்வேர்டைத் தட்டினால் போதும்; அடையாளம் சேமிக்கப்பட்டுவிடும். CORP என்ற இடத்தில் உங்கள் டொமைன் பெயர், newuser என்ற இடத்தில் புது ஆளின் பயனர் பெயர்:

```
runas /user:CORP\newuser cmd
```

இப்போது குறை. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து 'ஏற்கிறேன்' அழுத்தச் சொல்லும் பொது வைஃபையில் இந்த ஐகான் செத்த பாம்புதான். உள்நுழைவுத் திரையில் பிரவுசர் ஏது? போன் ஹாட்ஸ்பாட் போட்டால் வேலை செய்கிறது. அப்புறம், இணையும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

உங்கள் லேப்டாப்பில் அந்த ஐகான் இல்லையென்றால் ஐடி குழுவை நச்சரித்தாவது போடச் சொல்லுங்கள், அவ்வளவு நல்ல வசதி. நானோ பாஸ்வேர்ட் மாற்றும் நாளைத் தவிர அதைத் தொடுவதே இல்லை. காலையில் காத்திருக்கப் பொறுமை கிடையாது. நான் திட்டித் தீர்த்த அந்தப் பழைய வழியில்தான் தினமும் உள்ளே போகிறேன்.