தனித்தடுப்பா, கன்றுக் குடிலா?

தேவிபட்டினம் பக்கம் நான்கு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். பிறந்த கன்றைத் தனியாக வளர்க்க முதலில் கட்டியது தொழுவத்துக்குள் வரிசையாக நான்கு தடுப்புகள். இப்போது வைத்திருப்பது வெளியே மணலில் நிற்கும் குடில்கள். என் சாய்வு குடில் பக்கம்தான்.

சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் கொடுப்பதும், கன்றுக்கொரு வாளி வைப்பதும் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் தரையில்தான்.

தடுப்புகளுக்கு சிமெண்ட் தரை போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சரிவு, ஒரே வடிகால் வைத்தேன். முதல் கன்றின் மூத்திரமும் சாணமும் அடுத்த மூன்றின் காலடியில்தான் ஓடின. வடிகால் பக்கம் கிடந்த இரண்டு கன்றுகளுக்கும் இரண்டாம் வாரத்தில் கழிச்சல் வந்தது. கழுவினால் ஈரம், கழுவாவிட்டால் கிருமி. கழிச்சல் தரும் கிருமிகளில் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடருக்கும் அது சாகாது, நன்றாகக் காய்ந்தால்தான் சாகும். ஐப்பசி மழையில் சாரலுக்குப் பயந்து தார்ப்பாய் கட்டினேன். மூத்திர நெடி உள்ளேயே அடைந்து, ஒரு மாதத்துக் கன்று இருமத் தொடங்கியது. நின்றபடி பார்த்தால் அந்த நெடி தெரியாது. கன்றின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள், கண் எரியும்.

குடில் என்பது நாலடிக்கு எட்டடி சவுக்குக் கம்புச் சட்டம், மேலே பனையோலை. பிளாஸ்டிக் குடில் நம் வெயிலுக்கு நிழலில்லாமல் ஆகாது. இரண்டு பேர் தூக்கலாம், அதுதான் இதில் முக்கியம். இரண்டு மாதமானதும் கன்றை மாற்றிவிட்டு, குடிலை வேறு இடத்துக்கு நகர்த்துகிறேன். பழைய இடத்தில் மேல்மணலை அரையடி வாரி எடுத்துவிட்டு, மூன்று வாரம் வெயிலில் போட்டுவைக்கிறேன். சிமெண்ட் தரையை இப்படிக் காயவைக்க முடியாது. வாடைக்காற்று தொடங்கினால் வாசலைத் தெற்கே திருப்புவேன். கோடையில் கிழக்கே பார்க்க வைத்து, காற்று புகுந்து போகப் பின்பக்கத்தை அரையடி தூக்கி செங்கல் வைப்பேன். குடிலுக்குக் குடில் நாலடி இடைவெளி. கன்றுகள் மூக்கை உரசக்கூடாது.

ஈரம் பார்க்க, படுக்கையில் முழங்காலிட்டு இருபது எண்ணுங்கள். வேட்டி நனைந்தால் மணலை மாற்ற வேண்டும்.

குடிலில் இதுவரை ஐந்து கன்றுகள்தான் வளர்ந்தன. ஒன்றுக்கு மட்டும் லேசாகக் கழிந்தது. ஐந்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். பள்ளமான இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும், அங்கே ஓரடி மேடு போட்டே ஆக வேண்டும். சில கன்றுகள் மணலைத் தின்னும், அதற்குத் தாது உப்புக்கட்டி கட்டியிருக்கிறேன், கண்ணும் வைத்திருக்கிறேன்.

பால் சுரக்கக் கன்றை ஊட்ட விடுபவர்களுக்குத் தடுப்புதான் வசதி, பக்கத்திலேயே இருக்கும். நான் குடில்களைத் தொழுவத்திலிருந்து இருபதடிக்குள் வைத்திருப்பதால் இரண்டு வேளையும் ஓட்டிவருவது சிரமமாக இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் கன்றுகள் பழைய தடுப்புகளுக்குள் போகும். அதனால்தான் அவற்றை இன்னும் இடிக்கவில்லை.